ஒரு லீற்றர் தண்ணீர் நாலு சதம்

வன்னியில் ஒரு கிராமம். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாத ஒரு குடும்பம் அங்கே பிறருடைய காணியில் எட்டுப் பரப்பு வெங்காயமும் மிளகாயும் செய்கிறது. ஒரு நாள் பின்னேரம் அவர்களுடைய வாசலில் இருந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர் வந்து ஒரு மணித்தியாலத்திற்குத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டேன். "ஐம்பது ரூபா சுவாமி. கரண்டுக் காசுதானே. தண்ணி நிலத்துக்கை சும்மா கிடக்கு" என்றார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் அந்த ஐம்பது ரூபாவினால் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கு நட்டம். அதை அவருக்குக் காட்ட ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதிய கணக்கையே இங்கே தருகிறேன். தொகைகளை உருண்டையாக்கியிருக்கிறேன். விலைகள் இடத்திற்கு இடம் வேறுபடும். உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். கணக்கின் முறை மாறாது.

முதலில் அளக்க வேண்டியவை இரண்டு

எந்தக் கணக்குக்கும் முன்னர் இரண்டு விடயங்கள் தெரியவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது? அந்த ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அலகு மின்சாரம் போகிறது? பம்பியின் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களை நம்பவேண்டாம். அவை எவ்வளவு ஆழத்திலிருந்து இறைக்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

200 லீற்றர் கொள்ளும் ஒரு பீப்பாவைக் குழாய் வாயின் கீழே வையுங்கள். பம்பியைப் போட்டவுடன் அளக்கக்கூடாது. இரவெல்லாம் ஊறிய நீர் மேலே நிற்பதால் முதலில் வேகமாக வரும். பிறகு கிணற்றில் நீர்மட்டம் இறங்கும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அதன் பின் அளவுங்கள். இவர்களுடைய பீப்பா நிரம்ப மூன்று நிமிடம் எடுத்தது. மூன்று நிமிடத்திற்கு 200 லீற்றர் என்றால் மணித்தியாலத்திற்கு 4,000 லீற்றர்.

மின்சாரத்தை அளப்பது இன்னும் இலகு. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பம்பியை மட்டும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, மின்மானியை முன்னும் பின்னும் வாசியுங்கள். இங்கே 1.1 அலகு போனது. நீர் ஏறத்தாழ 100 அடி ஆழத்திலிருந்து ஏறுகிறது. அந்த ஆழத்திற்கு இது நியாயமான அளவு.

இவர்கள் வருடத்தில் இரண்டு பயிர் செய்கிறார்கள். மாரியில் இறைப்பு இல்லை. மற்றைய காலத்தில் ஏறத்தாழ 150 நாட்கள், நாளுக்கு நாலு மணித்தியாலம். ஆகவே வருடத்திற்கு 600 மணித்தியாலம், 24 இலட்சம் லீற்றர்.

நாலு செலவுகள்

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த மின்சாரம். 600 மணித்தியாலத்திற்கு 660 அலகு. அலகு 30 ரூபா என்று வைத்தால் 19,800 ரூபா. பம்பி ஓடாத மாதத்திலும் வரும் நிலையான கட்டணத்தை மாதம் 500 ரூபாவாக எடுத்தால் இன்னும் 6,000 ரூபா. மொத்தம் 25,800 ரூபா.

இரண்டாவது, திருத்த வேலை. நீர்மூழ்கிப் பம்பி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடுவதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருடத்திற்கு ஒரு தடவையாவது அதை வெளியே எடுக்க வேண்டிவரும். மேலே இழுக்கும் ஆட்கூலி, மோட்டருக்குச் சுருள் கட்டும் செலவு, தேய்ந்த உள்ளுறுப்புகள், கப்பாசிற்றர், வயர் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 30,000 ரூபா என்று இவர்களுடைய பற்றுச்சீட்டுகள் காட்டின. ஆகவே வருடத்திற்கு 15,000 ரூபா.

மூன்றாவது, பம்பியின் பெறுமானத் தேய்வு. பம்பி, ஆழத்துக்கு இறக்கும் குழாய், வயர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் 150,000 ரூபா. இப்படியான ஒரு பம்பி 3,000 மணித்தியாலம் உழைத்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது என்று கொள்கிறோம். வருடம் 600 மணித்தியாலம் என்றால் ஐந்து வருடம். ஆகவே வருடத்திற்கு 30,000 ரூபாப் பெறுமதியான பம்பியை நாங்கள் தண்ணீரோடு சேர்த்துப் பாத்திக்குள் ஊற்றுகிறோம்.

நாலாவது, துளையின் தேய்வு. குழாய்க்கிணறு அடித்தது, மேற்பகுதிக்கு இறக்கிய குழாய், மின் இணைப்பு, பம்பிப் பெட்டிக்கான சிறு கொட்டில் எல்லாம் 500,000 ரூபா. நன்றாக அடித்த கிணறு 20 வருடம் நிற்கும் என்று வைத்தால் வருடத்திற்கு 25,000 ரூபா.

கூட்டிப் பாருங்கள்:

மின்சாரம் – 25,800
திருத்தம் – 15,000
பம்பித் தேய்வு – 30,000
துளையின் தேய்வு – 25,000
மொத்தம் – 95,800 ரூபா

இதை 24 இலட்சம் லீற்றரால் பிரித்தால் லீற்றருக்கு ஏறத்தாழ நாலு சதம். மணித்தியாலத்திற்கு 160 ரூபா. இதில் மின்சாரம் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஒரு போகத்திற்கு ஒரு பரப்புக்குத் தண்ணீர்ச் செலவு ஏறத்தாழ 6,000 ரூபா. விதை, பசளை, மருந்து, கூலி என்று எழுதும் கொப்பியில் இந்த வரியை எழுதாதவர், இலாபம் என்று நினைத்துச் செலவழிப்பது தன் பம்பியைத்தான்.

நாலு சதம் என்பது குழாய் வாயில் உள்ள விலை. மண் வாய்க்காலால் போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வழியில் ஊறிவிட்டால், பாத்திக்கு வந்து சேரும் லீற்றரின் விலை ஆறு சதம். பீப்பாவைக் கடைசிப் பாத்தியின் தலைமாட்டில் குழி தோண்டி வைத்து அளந்தால் உங்கள் வாய்க்கால் குடிக்கும் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

நகையை அடைவு வைத்துக் கிணறு அடித்தவர்கள் வட்டியையும் சேர்க்கவேண்டும். மூன்று இலட்சத்திற்கு நூற்றுக்கு 15 வட்டி என்றால் வருடம் 45,000 ரூபா. அது மேலே சொன்ன நாலு செலவுகளில் எதையும் விடப் பெரியது.

அயலவருக்கு என்ன விலை?

இப்போது அந்த ஐம்பது ரூபாவுக்கு வருவோம். அயலவருக்கு ஒரு மணித்தியாலம் இறைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரருக்குப் புதிதாக ஏற்படும் செலவு எவ்வளவு? மின்சாரம் 33 ரூபா. திருத்தத்திற்கு 25 ரூபா. பம்பித் தேய்வு 50 ரூபா. மொத்தம் 108 ரூபா. துளை எப்படியும் இருக்கிறது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடங்கள் போகும். ஆகவே 108 ரூபாவுக்குக் கீழே வாங்குபவர் தன் கையிலிருந்து கொடுக்கிறார். 160 ரூபா வாங்குபவர் துளையின் செலவிலும் அயலவரைப் பங்காளி ஆக்குகிறார். நியாயமான விலை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு மேலே வாங்குவது தாகத்தை விலைபேசுவது. அதற்குக் கீழே வாங்குவது தருமம்போலத் தெரியும். ஆனால் பம்பி எரியும் நாளில் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே வாடிய பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழை அயலவருக்குச் சும்மா கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இடம்பெயர்ந்தவனின் தேய்வு வேறு

இதுவரை சொன்னது சொந்தக் காணிக்காரனின் கணக்கு. விவசாயப் புத்தகங்கள் அதோடு நின்றுவிடும். எங்களுடைய வாசகர்களில் பலருக்கு அது பொருந்தாது.

துளை 20 வருடம் நிற்கும் என்றேன். அந்தக் குடும்பம் அந்தக் காணியில் 20 வருடம் நிற்குமா? நாலு வருடத்தில் சொந்த ஊர் விடுபடலாம். அல்லது காணிக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து காணியைக் கேட்கலாம். போகும்போது பம்பியைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். குழாயையும் வயரையும் ஏற்றலாம். துளையை ஏற்ற முடியாது. 1990இலும், 1995 ஐப்பசியிலும், 2009 வரை வன்னியிலும் எங்கள் சனம் விட்டுவிட்டு வந்த கிணறுகளை நினைத்தால் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே பிறருடைய காணியில் நாலு வருடம் இருக்கப்போகிறவனுக்குத் துளையின் ஆயுள் நாலு வருடம்தான். 500,000 ரூபாவை நாலால் பிரித்தால் வருடம் 125,000 ரூபா. மற்ற மூன்று செலவுகளையும் சேர்த்தால் 195,800 ரூபா. லீற்றருக்கு எட்டுச் சதத்திற்கு மேல். மணித்தியாலத்திற்கு 326 ரூபா. அதே கிணறு, அதே பம்பி, அதே தண்ணீர். இடம்பெயர்ந்தவனுக்கு விலை இருமடங்கு.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பிறருடைய காணியில் எழுத்து இல்லாமல் குழாய்க்கிணறு அடிக்கவேண்டாம். காணிக்காரர் தங்கமான மனிதராக இருக்கலாம். அவருக்குப் பின் யார் வருவார் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் நாலு வருடத்தில் வெளியேறினால் துளையில் இன்னும் 16 வருட ஆயுள், அதாவது 400,000 ரூபாப் பெறுமதி, அவருடைய காணியில் மிஞ்சுகிறது. அதை அவர் திருப்பித் தரவேண்டும்; அல்லது குத்தகையில் கழிக்கவேண்டும்; அல்லது இத்தனை வருடத்திற்கு எழுப்பமாட்டேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு வக்கீலிடம் இதற்குச் செலவழிக்கும் காசு, மோட்டருக்கு ஒரு தடவை சுருள் கட்டும் காசைவிடப் பெரிதாக இராது.

இரண்டாவது, ஒரு துளையை இரண்டு குடும்பம் பாவிக்கட்டும். ஆனால் பங்கிட்டால் எல்லாச் செலவும் பாதியாகும் என்று நினைக்கவேண்டாம். பம்பி மணித்தியாலத்தால் தேய்கிறது. துளை வருடத்தால் தேய்கிறது. இரண்டு குடும்பம் வருடத்தில் 1,200 மணித்தியாலம் இறைத்தால் பம்பி இரண்டரை வருடத்தில் முடியும். மின்சாரமும் திருத்தமும் இரட்டிக்கும். நிலையான கட்டணமும் துளையும் மாத்திரமே அப்படியே நிற்கும். சொந்தக் காணிக்காரர் பங்கிட்டால் விலை நாலு சதத்திலிருந்து 3.35 சதமாக மட்டுமே இறங்கும். நாலு வருடக் குடும்பங்கள் பங்கிட்டால் 8.16 சதத்திலிருந்து 5.43 சதமாக இறங்கும். கூட்டாகப் பாவிப்பதால் அதிகம் நன்மை அடைவது இடம்பெயர்ந்தவர்கள்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. நாளுக்கு எட்டு மணித்தியாலம் இறைக்கக் கிணறு தாங்கவேண்டும். அதை மாரி முடிந்த தையில் சோதிக்கக்கூடாது. நீர்மட்டம் மிகத் தாழ்ந்து நிற்கும் ஆவணி, புரட்டாதியில் சோதிக்கவேண்டும். எட்டாவது மணித்தியாலத்திலும் பீப்பா மூன்று நிமிடத்தில் நிரம்பினால் பங்கிடலாம். தண்ணீரோடு காற்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால் மட்டம் பம்பிக்கு இறங்கிவிட்டது. உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் ஓடிய மோட்டர் எரியும்.

பீப்பா சொல்லும் சேதி

மாதத்தில் ஒரு நாள் பீப்பாவை வைத்து நேரத்தையும் மின்மானியையும் எழுதிவைத்தால், எரிவதற்கு முன்னரே நோய் தெரியும். மூன்று நிமிடம் நாலு நிமிடமானால் மணித்தியாலத்திற்கு 3,000 லீற்றர்தான் வருகிறது. அதே 24 இலட்சம் லீற்றருக்கு 800 மணித்தியாலம் ஓடவேண்டும். மின்சாரம் மட்டும் வருடத்திற்கு 6,600 ரூபா கூடும். பம்பியின் ஆயுளிலும் 200 மணித்தியாலம் வீணாகும்.

காரணம் எதுவென்று ஓரளவு ஊகிக்கலாம். போட்ட பிறகு தண்ணீர் மேலே வர முன்னரைவிட நேரம் எடுத்தால், உள்ளே குழாய் மூட்டு ஒழுகுகிறது அல்லது தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு பிடிக்கவில்லை. வாளியின் அடியில் மணல் படிந்தால், அந்த மணல் பம்பியின் உள்ளுறுப்புகளை அரைத்துக்கொண்டிருக்கிறது. காற்றும் சேர்ந்து வந்தால் நீர்மட்டம். இவை ஒன்றும் இல்லாமல் மெதுமெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் அது வெறும் தேய்வு. பின்னேரத்தில் மின்விளக்கு மங்கி எரியும் நேரத்தில் பம்பியைப் போடவேண்டாம். மின்னழுத்தம் குறையும்போது மோட்டர் கூடுதலாக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே நன்னீர், உவர்நீரின் மேலே மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி எழும்பக்கூடும் என்பது நிலநீரியலில் பழைய விதி. ஆழமான துளையும் நீண்ட இறைப்பும் அங்கே லீற்றரின் விலையைக் குறைப்பதுபோலக் காட்டிவிட்டு, ஊரின் கிணறுகள் எல்லாவற்றையும் உவராக்கக்கூடும். அந்தச் செலவு இந்தக் கொப்பியில் அடங்காது. வெங்காயத் தாளின் நுனி கருகுவதும் நாக்கில் கரிப்பதும் அதன் முதல் அடையாளங்கள்.

இலவசம் என்று சொன்ன எங்கள் பிழை

கடைசியாக, என்னைப் போன்றவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் கிராமத்திற்கு வந்து கிணறு அடித்தோம், பம்பி இறக்கினோம், பலகை நட்டோம். தண்ணீர் இலவசம் என்று சொன்னோம். நான் முன்னின்று கொடுத்த பம்பி ஒன்று மூன்றாம் கோடையில் எரிந்தது. எட்டுக் குடும்பங்களிடமும் சேர்த்து வைத்த காசு ஒரு சதமும் இருக்கவில்லை. அவர்களில் பிழை இல்லை. சேர்க்கவேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வரும் உவமையைப் பலமுறை பிரசங்கித்தவன் நான்.

இன்று சூரியசக்திப் பம்பிகளைக் கொடுத்துவிட்டு அதே சொல்லைத்தான் மீண்டும் சொல்கிறோம். சூரியனுக்குப் பட்டியல் வருவதில்லை, அது உண்மை. எங்கள் கணக்கில் அதனால் குறைவது முதலாவது வரி மட்டுமே. திருத்தமும் தேய்வும் அப்படியே நிற்கின்றன. தகடுகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் சேர்த்து அவை கூடுகின்றன.

பம்பிக் கொட்டிலில் ஒரு கொப்பியும் ஒரு தகரப்பெட்டியும் இருக்கவேண்டும். இறைக்கும் ஒவ்வொருவரும் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் எழுதட்டும். மின்சாரக் காசைத் தவிர, மணித்தியாலத்திற்கு 75 ரூபாவைப் பெட்டிக்குள் போடட்டும். 25 ரூபா திருத்தத்திற்கு, 50 ரூபா அடுத்த பம்பிக்கு. மாதமுடிவில் இரண்டு பெயர்க் கையெழுத்தில் வங்கியில் போடுங்கள். வருடம் 600 மணித்தியாலம் ஓடும் பம்பிக்கு ஐந்து வருடத்தில் 225,000 ரூபா சேரும். அதில் 75,000 ரூபா திருத்தங்களுக்குப் போயிருக்கும். மிஞ்சும் 150,000 ரூபா புதிய பம்பி.

அந்தப் பம்பி அந்த விலைக்குக் கிடைத்தால்தான். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனதையும், அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதையும் மறந்திருக்கமாட்டீர்கள். பம்பியும் கப்பலில் வருவதுதான். ஆகவே வாங்கிய விலையைப் பார்த்துத் தேய்வை ஒதுக்கவேண்டாம். ஒவ்வொரு தையிலும் கடைக்குப் போய் அதே பம்பியின் அன்றைய விலையைக் கேட்டு, அதை 3,000 ஆல் பிரித்து, பெட்டிக்குள் போடும் தொகையை மாற்றுங்கள்.

அந்த வீட்டுக்காரர் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலிக்கு அப்பால் நின்ற அயலவரைக் கூப்பிட்டு, அடுத்த முறையிலிருந்து 120 ரூபா என்றார். அயலவர் ஏன் என்று கேட்டார். கொப்பி வேலிக்கு மேலால் கைமாறியது. அரை மணித்தியாலத்திற்குப் பிறகு அது திரும்பி வந்தபோது, கடைசியில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தது: இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் என்ன?

அந்தக் கேள்விக்கு விடை ஆவணியில் பீப்பாவை வைத்துப் பார்த்தால் தெரியும்.